'நாம்' ஆகும் ஒரு லட்சம்: காணொளியாளரின் நன்றிக்குறிப்பில் தன்மைப் பன்மையும் எதிர்கால வினையும்

ஆய்வுச் சுருக்கம்

யூடியூபில் காணொளி வெளியிடுவோர் தம் சந்தாதாரர் எண்ணிக்கை ஒரு குறிப்பிட்ட அளவைத் தொட்டவுடன் எழுதும் குறிப்புரை நன்றியும் அறிவிப்பும் இணைந்த ஒரு சிறு வடிவமாகத் தமிழில் நிலைபெற்றுள்ளது. அவ்வடிவத்தின் பொருளை அதன் கலப்புச் சொற்களில் அன்றி, தன்மைப் பன்மை ஆளும் முறையிலும் எதிர்காலத்தைச் சுட்டும் வினைமுற்றுகளிலும் தேடவேண்டும் என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: உளப்பாட்டுத் தன்மைப் பன்மை, காலவழுவமைதி, சிறப்புப்பாயிரம், தற்புகழ்ச்சி, சொற்செயல், குறிப்புரை

1. சிக்கல்

இணையத்தமிழ் குறித்து அண்மைக்காலத்தில் எழுதப்படும் ஆய்வேடுகளில் ஒரு வழக்கம் காணப்படுகிறது. காணொளிகளின் தலைப்புகளையும் குறிப்புரைகளையும் திரட்டி, அவற்றில் உள்ள ஆங்கிலச் சொற்களை எண்ணி, விழுக்காடு கூறி, 'மொழிக்கலப்பு மிகுந்துள்ளது' என்று முடிப்பது அவ்வழக்கம். 'சேனல்', 'வீடியோ', 'சப்ஸ்கிரைபர்' ஆகியன தமிழில் புழங்குகின்றன என்பதை அறிய ஆய்வு வேண்டியதில்லை. அச்சொற்களைத் தாங்கி நிற்கும் வாக்கியத்தின் எழுவாய் யார், வினைமுற்று எவ்விடத்தது, எக்காலத்தது என்பவற்றை நோக்கும்போதுதான் ஆய்வுக்கு வேலை தொடங்குகிறது. இக்குறிப்புரைகளின் திறனும் தந்திரமும் பெயர்ச்சொற்களில் இல்லை. வினைமுற்றின் ஈற்றில் உள்ளன.

இவ்வடிவம் எழுத்தில் தோன்றும் தருணத்தை நிறுவனமே வகுத்துவைத்துள்ளது. ஒரு லட்சம் சந்தாதாரர்க்கு வெள்ளி விருதும், பத்து லட்சத்துக்குத் தங்க விருதும், ஒரு கோடிக்கு வைர விருதும் யூடியூப் வழங்குகிறது. அவற்றுக்கு முன்பே ஆயிரம் என்னும் எண் முக்கியமானது. 2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கொண்டுவரப்பட்ட விதிப்படி, விளம்பர வருவாயில் பங்குபெற ஆயிரம் சந்தாதாரரும் பன்னிரண்டு மாதங்களில் 4000 மணிநேரப் பார்வையும் வேண்டியிருந்தன. எனவே, ஆயிரம் தொட்ட நாளில் எழுதப்படும் நன்றிக்கும் ஒரு லட்சம் தொட்ட நாளில் எழுதப்படும் நன்றிக்கும் இடையே தொகை வேறுபாட்டோடு நிலை வேறுபாடும் உண்டு. முன்னது வருவாயின் வாயிலில் நிற்பவருடையது. பின்னது அவ்வாயிலைக் கடந்தவருடையது.

2019 செப்டம்பர் முதல் சந்தாதாரர் எண்ணிக்கை பார்வையாளர்க்குச் சுருக்கியே காட்டப்படுகிறது. எண் கீழ்நோக்கி முழுமையாக்கப்படுவதால், ஒரு லட்சத்தைத் தொட்ட பக்கம் அடுத்த ஆயிரம் பேர் சேரும்வரை அதே எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும். துல்லியமான எண் சேனல் உரிமையாளர்க்கு மட்டுமே தெரியும். இதனால் இலக்கைத் தொட்ட கணத்தை முதலில் அறிபவர் அவரே. நன்றிக்குறிப்பு அக்கணத்தைப் பார்வையாளர்க்கு அறிவிக்கும் செயலாகவும் ஆகிறது.

2. ஒரு மாதிரிப் பனுவல்

உயிரோடுள்ள தனியார் ஒருவரின் குறிப்பை எடுத்து அக்கக்காகப் பிரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆகவே, இவ்வகைக் குறிப்புகளில் திரும்பத் திரும்பக் காணப்படும் கூறுகளைக் கொண்டு, மாடித்தோட்டம் பற்றிய காணொளிகள் வெளியிடும் ஒருவர் எழுதியது போன்ற மாதிரி ஒன்றை இக்கட்டுரைக்கென அமைத்துக்கொள்கிறேன்:

"நாம ஒரு லட்சம் பேர் ஆகிட்டோம்! இந்தச் சின்ன சேனலை நம்பி வந்த ஒவ்வொரு சொந்தத்துக்கும் நன்றி. நீங்க இல்லன்னா நாங்க இல்ல. முதல் வீடியோவைப் பார்த்த அந்த 43 பேரை மறக்கவே மாட்டேன். அடுத்து மண்கலவை பத்தி ஒரு தொடர் வருது. வாரம் ஒரு வீடியோ போடுறோம். நீங்க கேட்ட பூச்சிவிரட்டிப் பதிவும் சீக்கிரம் வரும். ஒருநாள் நேரலைல கேள்வி பதில் பண்ணலாம்னு இருக்கேன்."

எட்டு வாக்கியங்கள். முதல் நான்கு நன்றிப்பகுதி; பின் நான்கு அறிவிப்புப்பகுதி. திறன்பேசித் திரையில் குறிப்புரையின் தொடக்க வரிகள் மட்டுமே விரியாமல் தெரியும். மீதியைத் தொட்டு விரிக்கவேண்டும். ஆதலால் நன்றி வெளியே நிற்கிறது, வாக்குறுதி மடிப்புக்குள் கிடக்கிறது. இவ்வமைப்பு எழுதுபவர் திட்டமிட்டதாக இருக்கவேண்டியதில்லை. ஆயினும் விரித்துப் படிப்போர் சிலராதலின் வாக்குறுதிக்குச் சாட்சிகளும் சிலராகின்றனர் என்பதை மறுக்கவியலாது.

3. எல்லோரையும் அணைக்கும் 'ஓம்'

முதல் வாக்கியத்தின் இலக்கணம் வியப்புக்குரியது. ஒரு லட்சம் பேர் ஆனது யார்? சேனல் நடத்துபவர் ஒருவரோ மூவரோ. சந்தாதாரர்களே ஒரு லட்சம் பேர். 'நாம்' என்னும் சொல் இவ்விரு தரப்பாரையும் ஒரே தொகுதியாக்குகிறது. முன்னிலையாரை உளப்படுத்தும் தன்மைப் பன்மை இது. மூன்றாம் வாக்கியத்திலோ 'நீங்க' ஒருபுறம், 'நாங்க' மறுபுறம் எனத் தொகுதி பிளவுபடுகிறது. நன்றி கூறுவதற்கு இப்பிளவு இன்றியமையாதது. தமக்குத் தாமே நன்றி கூறிக்கொள்ள இயலாதன்றோ? நான்காம் வாக்கியத்தில் 'நாங்க' மேலும் சுருங்கி, 'மாட்டேன்' என்னும் ஒருமையாகிறது. ஆக, நான்கே வாக்கியங்களில் தன்மை இடம் ஒரு லட்சத்திலிருந்து ஒருவராகக் குறுகிவிடுகிறது.

இவ்வியக்கத்தை மரபிலக்கணம் நன்கறியும். தன்மைப் பன்மை வினைமுற்றின் விகுதிகளைப் பகுக்கும் நன்னூலார், அம், ஆம் என்பவை முன்னிலையாரை உளப்படுத்தும் என்றும், எம், ஏம், ஓம் என்பவை படர்க்கையாரை உளப்படுத்தும் என்றும் கூறுகிறார். அப்பாகுபாடு வாழ்ந்த காலத்தில் வினைமுற்றைக் கேட்டவுடனேயே தாம் உள்ளே இருக்கிறோமா வெளியே இருக்கிறோமா என்பது கேட்போர்க்குத் தெரிந்திருக்கும். இன்றைய தமிழில் விகுதிகளுள் ஓம் மட்டுமே எஞ்சியது. 'நாம் ஆனோம்', 'நாங்கள் ஆனோம்' இரண்டிற்கும் முற்று ஒன்றே. வேறுபாட்டைச் சுமக்கும் பொறுப்பு முழுவதும் பெயரின்மேல் விழுந்துவிட்டது.

பெயரோ தமிழில் எளிதாகத் தொகும். 'நாம' என்பதை நீக்கி, 'ஒரு லட்சம் ஆகிட்டோம்!' என்று மட்டும் எழுதினால் என்ன ஆகும்? படிப்பவர் தம்மை உளப்படுத்தியும் கொள்ளலாம். வெற்றியறிவிப்பாக, சேனல்காரரின் 'நாங்கள்' ஆகவும் கொள்ளலாம். இக்குறிப்புரைகளில் எழுவாய் தொக்க முற்றுகள் மிகுந்து வருவதற்குக் காரணம் சோம்பலோ இடப்பற்றாக்குறையோ அன்று என்பது என் கருத்து. இடம் போதிய அளவு உண்டு. யூடியூபின் குறிப்புரைக்கு 5000 எழுத்துருக்கள் வரை இடமளிக்கப்படுகிறது. தெளிவின்மையே இங்குப் பயன்தருகிறது. வெற்றி தம்முடையது என்று சொல்லும் துணிவும், அதை அவையோர்க்குக் கொடுத்துவிடும் பணிவும் ஒரே ஈற்றில் அடங்குகின்றன. பழைய விகுதி வேறுபாடு நீடித்திருந்தால் எழுதுபவர் இரண்டில் ஒன்றைத் தெரிந்தே ஆகவேண்டியிருக்கும்.

'சொந்தம்', 'உறவுகள்', 'குடும்பம்' முதலிய உறவுச்சொற்களை 'போலி நெருக்கம்' என்று ஒதுக்கும் திறனாய்வு உண்டு. அது முழுதும் தவறன்று. எனினும் அச்சொற்கள் செய்யும் இலக்கணப் பணியை அது காணத் தவறுகிறது. 'நாம்' என்று தொடங்கி 'நீங்க', 'நாங்க' என்று பிரிந்தபின், பிரிந்தவர்களை மீண்டும் சேர்க்க ஒரு பெயர் தேவைப்படுகிறது. அவ்வேலையைச் செய்வது 'சொந்தம்'.

4. தன்னைப் புகழாது தன்னைப் புகழ்தல்

தன் வெற்றியைத் தானே அறிவிப்பது தமிழ் மரபில் இடர்ப்பாடு நிறைந்த செயல். சிறப்புப்பாயிரத்தைத் தன் ஆசிரியனோ, உடன்கற்றவனோ, மாணாக்கனோ, தக்க உரைகாரனோ செய்யவேண்டும். நூலாசிரியன் தானே செய்தல் கூடாது என்பது நன்னூல் காட்டும் முறை. தற்புகழ்ச்சி தகும் இடங்களாக அது நான்கை மட்டும் விலக்களிக்கிறது: அரசவைக்கு ஓலை வரைகையில், தன் ஆற்றலை அறியாதாரிடையே, அவையில் வாதிட்டு வெல்லவேண்டிய பொழுதில், எதிரி தன்னைப் பழித்த காலத்தில்.

நம் மாடித்தோட்டக்காரர் இந்நான்கில் எதிலும் இல்லை. அவர்க்குப் பாயிரம் எழுதித்தர ஆசிரியரும் இல்லை. ஆதலால் அவர் கண்ட வழி, ஆக்கியோன் பெயரை மறைத்துக் கேட்போரையே ஆக்கியோராக்குவது. பாயிரத்தின் உறுப்புகளுள் ஆக்கியோன் பெயர், நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகியவை இம்மாதிரியில் எளிதாக அடையாளம் காணத்தக்கவை. அவற்றுள் 'கேட்போர்' ஏனையவற்றை விழுங்கி நிற்கிறது. 'நீங்க இல்லன்னா நாங்க இல்ல' என்பது பணிவுரையாகத் தோன்றினும் அது மெய்யான பொருளியல் உண்மையும் ஆகும். ஒப்புமையை இதற்குமேல் நீட்ட நான் விரும்பவில்லை. பாயிரம் நூலுக்கு முன்னால் நிற்பது, இது பாதிவழியில் நிற்பது. எழுதியவருடைய பணி முடியவில்லை. எனவே நுதலிய பொருள் என்பது இனி வரப்போவதாகவே இருக்கமுடியும்.

'நன்றி' என்னும் சொல்லையும் இங்கு நோக்கவேண்டும். பழந்தமிழில் நன்றி என்பது ஒருவர் செய்த நன்மை. அதை மறவாமை 'செய்ந்நன்றி அறிதல்'. அதாவது நன்றி, சொல்லப்படும் பொருளன்று, அறியப்படும் பொருள். இன்று அது சொன்ன மாத்திரத்தில் நிறைவேறும் சொற்செயலாகிவிட்டது. ஆஸ்டினும் சியர்லும் வகுத்த சொற்செயற் கோட்பாட்டின்படி நன்றி உணர்வுரைக்கும் வகையைச் சார்ந்தது. சொல்பவரை எதற்கும் கட்டாது. மாதிரியின் நான்காம் வாக்கியம் மட்டும் பழைய பொருளை நோக்கித் திரும்புகிறது. 'அந்த 43 பேரை மறக்கவே மாட்டேன்' என்பதில் நன்றி என்னும் சொல்லே இல்லை; ஆனால் செய்ந்நன்றி அறிதல் உள்ளது. இப்பனுவலில் எனக்கு மிகவும் பிடித்த வரி இதுவே. ஒரு லட்சத்தைக் கொண்டாடும் குறிப்பில் நிற்கும் சிறிய எண் அது. முழுமையாக்கப்படாததால் நம்பத்தக்கதாகவும் இருக்கிறது.

நன்றி சொல்லைத் தாண்டிச் செயலாகும் இடங்களும் உண்டு. புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்திலிருந்து இயங்கும் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' 2021 ஜூலையில் ஒரு கோடிச் சந்தாதாரரைத் தொட்டது. தமிழ்ச் சேனல்களில் அவ்வெண்ணைத் தொட்டது அதுவே முதல். அத்தருணத்தில் அவர்கள் முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்குப் பத்து லட்சம் ரூபாய் வழங்கினர். பார்வையாளர்க்குப் பட்ட கடன் பார்வையாளரல்லாத மூன்றாம் தரப்புக்குத் தீர்க்கப்பட்டது. ஒரு கோடிப் பேர்க்குத் தனித்தனியே கைம்மாறு செய்ய இயலாதாகையால், கைம்மாறு ஊருக்குப் போகிறது.

5. வருது, போடுறோம், வரும், பண்ணலாம்னு இருக்கேன்

அறிவிப்புப்பகுதியே இக்கட்டுரையின் மையம். நான்கு வாக்கியங்களும் எதிர்காலச் செய்தியையே கூறுகின்றன. ஆனால் நான்கின் வினையமைப்பும் நான்கு விதம். வாக்குறுதி தருகிறேன் என்று எதுவும் வெளிப்படையாகக் கூறவில்லை. கட்டுப்பாட்டின் அளவை வினைமுற்றுகளே சொல்கின்றன.

'தொடர் வருது' என்பது நிகழ்காலம். வரவிருப்பதை வருவதாகக் கூறுதல் இலக்கணம் ஏற்றுக்கொண்ட மரபு. விரைவு, மிகுதி, தெளிவு ஆகிய காரணங்களால் ஒரு காலம் மற்றொரு காலமாகச் சொல்லப்படுவதைக் காலவழுவமைதி என்பர். இங்குத் தெளிவே காரணம்: தொடரின் முதற்பகுதி பெரும்பாலும் படம்பிடிக்கப்பட்டிருக்கும். இது வலுவான கூற்று. ஆனால் இதன் எழுவாய் 'தொடர்'. வருவது தொடரேயன்றிக் கொண்டுவருபவர் வாக்கியத்தில் இல்லை. வராவிட்டால் பழி ஏற்க எவரும் நிறுத்தப்படவில்லை.

'வாரம் ஒரு வீடியோ போடுறோம்' என்பதும் நிகழ்காலமே. ஆயினும் இதில் செய்பவர் உண்டு, கால அளவும் உண்டு. இங்கு 'ஓம்' ஐயத்திற்கு இடமின்றி 'நாங்கள்' மட்டுமே. காணொளி போடும் வேலையில் பார்வையாளர்க்குப் பங்கில்லை. நான்கனுள் சரிபார்க்கக்கூடிய வாக்குறுதி இது ஒன்றுதான். எட்டாம் வாரத்தில் சேனலைத் திறந்து எண்ணிப் பார்த்தால் போதும். இத்தகைய குறிப்புரைகளை மதிப்பிடுவோர் முதலில் தேடவேண்டியது இவ்வகை வாக்கியத்தையே. எழுவாய் தன்மையில் நின்று, அளவு ஒன்று உடன்வருமானால் எழுதியவர் தம்மைக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

'சீக்கிரம் வரும்' என்பதன் 'உம்' ஈறு எதிர்காலத்தையும் இயல்பையும் ஒருங்கே குறிக்கும். 'சூரியன் கிழக்கே உதிக்கும்' என்பதில் உள்ள அதே முற்று. செய்பவர் மீண்டும் மறைகிறார். 'சீக்கிரம்' சுட்டுத்தன்மை உடைய சொல். எழுதிய நாளைக்கொண்டே அதற்குப் பொருள். இரண்டாண்டு கழித்து அப்பக்கத்தைத் திறப்பவர்க்கு அது என்றும் தீராத 'சீக்கிரம்' ஆகவே தோன்றும். இவ்வாக்கியத்துக்கு வலு தருவது 'நீங்க கேட்ட' என்னும் பெயரெச்சத்தொடரே. வாக்குறுதி செல்லுபடியாவதற்குக் கேட்பவர் அதை விரும்பவேண்டும் என்பது சியர்ல் கூறும் நிபந்தனை. 'நீங்க கேட்ட' என்பது அந்நிபந்தனை நிறைவேறியதற்குச் சான்று காட்டுகிறது. அறிவிப்பு இங்குக் கடனை ஒப்புக்கொள்ளும் சீட்டாக மாறுகிறது.

'பண்ணலாம்னு இருக்கேன்' என்பதில்தான் 'நான்' முழுதாகத் திரும்பிவருகிறார். அதே வாக்கியத்தில்தான் கட்டுப்பாடு மிகத் தளர்கிறது. இது எண்ணத்தை வெளியிடும் கூற்று. எண்ணம் மாறினால் பொய்யுரைத்ததாகாது. இங்கு ஒரு முரண் தெரிகிறது. உறுதி மிகுந்தவிடத்தில் செய்பவர் மறைகிறார்; செய்பவர் தோன்றுமிடத்தில் உறுதி குறைகிறது. இரண்டும் சேர்ந்து நிற்பது 'போடுறோம்' என்னும் ஓரிடத்தில் மட்டும். அங்கும் ஒருமை இல்லை.

இதை ஏமாற்று என்று தீர்ப்பளிக்க நான் தயங்குவேன். தனியொருவராகப் படம்பிடித்துத் தொகுத்து வெளியிடுபவர்க்கு உடல்நலமும் மழையும் மின்தடையும் தம் கையில் இல்லை. மண்கலவைத் தொடருக்கு விதை முளைக்கவேண்டும். பூச்சிவிரட்டிப் பதிவுக்குப் பூச்சி வரவேண்டும். வினைமுற்றுகளின் ஏற்றத்தாழ்வு அவர் தம் வேலையை அறிந்திருப்பதன் அடையாளமும் ஆகலாம். நான்கையும் 'போடுவேன்' என்று ஒரே உறுதியில் எழுதியவரையே நான் ஐயுறுவேன்.

6. 'சந்தா' என்னும் சொல்லின் பயணம்

சிற்றிதழ் வரலாறு அறிந்தோர்க்குச் 'சந்தாதாரர்' என்னும் சொல் வேறொரு நினைவைத் தரும். அங்குச் சந்தா என்பது முன்பணம். பணம் கட்டியவர்க்கு இதழ் அனுப்பவேண்டிய கடமை ஆசிரியர்க்கு உண்டு. அறிவிப்பு அக்கடமையின் கணக்குரைப்பு. 1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து', 2000 பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று அறிவித்துக்கொண்டு வந்தது. எண் அங்கு மேல்வரம்பு. அதைத் தாண்டாமையே கொள்கை. காணொளிச் சந்தாவில் பணம் இல்லை, வரம்பும் இல்லை. ஒரு விரல் தொடுதலில் சேரலாம், விலகலாம். சேர்ந்தவர் பார்ப்பார் என்பதற்கும் உறுதியில்லை. போலிக் கணக்குகள் நீக்கப்படும்போது எண்ணிக்கை குறைவதும் உண்டு. ஒரு லட்சம் என்று நன்றி கூறிய மறுவாரம் 99 ஆயிரத்துச் சொச்சமாக நிற்க நேரலாம்.

முன்பணம் இல்லாத இடத்தில் கடமை எங்கிருந்து பிறக்கிறது? வாக்குறுதிப்பகுதியின் தேவை இதனால்தான் எழுகிறது. பணத்தால் உண்டாகாத பிணைப்பைச் சொல்லால் உண்டாக்கவேண்டியுள்ளது. நன்றி சென்றதற்கு, ஆனால் விலகல் எக்கணமும் இயலும் என்பதால் நன்றியோடு நிறுத்த முடியாது.

7. தரவு திரட்டுவோர்க்கு

இத்துறையில் இறங்கும் ஆய்வாளர் எதிர்கொள்ளும் இடர் ஒன்று உண்டு. யூடியூப் காணொளியின் குறிப்புரையை வெளியிட்டவர் எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். திருத்தியதற்கான அடையாளம் பார்வையாளர்க்குத் தெரியாது. பக்கத்தில் உள்ள தேதி காணொளி வெளியான நாளையே குறிக்கும், குறிப்புரை இறுதியாகத் திருத்தப்பட்ட நாளையன்று. ஏட்டுச்சுவடியில் அடித்தல் திருத்தம் கண்ணுக்குப் படும். அச்சுநூலில் பதிப்பு மாறும். இங்கு முந்தைய பாடம் தடமின்றி மறைகிறது. ஆகவே, திரட்டிய நாளும் நேரமும் குறித்துத் திரைப்பிடியாகச் சேமித்து வைக்காத தரவைக்கொண்டு வாக்குறுதி நிறைவேறியதா இல்லையா என்று பேச இயலாது.

மாதிரியைக்கொண்டே விளக்கலாம். ஆறு மாதம் கழித்து அப்பக்கத்தை மீண்டும் திறக்கும் ஆய்வாளர், பூச்சிவிரட்டி வாக்கியம் இருந்த இடத்தில் அக்காணொளிக்கான இணைப்பைக் காணலாம். அல்லது அவ்வாக்கியமே இன்றி, கேள்வி பதில் வாக்கியத்தோடு குறிப்பு ஒட்டிக்கொண்டிருக்கக் காணலாம். முன்னதில் எதிர்கால வினை தீர்ந்து பெயராகிவிட்டது. பின்னதில் எழுதியவர் தம் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். முதல் திரைப்பிடி கையில் இல்லாதவர்க்கு இரண்டாவது நிகழ்ந்தது என்பதே தெரியாது. அவர் ஏழு வாக்கியக் குறிப்பு ஒன்றைத் தரவாகக் குறித்துக்கொண்டு, அதில் 'சேனல்', 'வீடியோ' எத்தனை முறை வந்தன என்று எண்ணத் தொடங்குவார்.